ரப்பர் செடிக்குச் சக்கர நாற்காலி

மனிதர்களுக்குக் குனியவும் நிமிரவும் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. பிசியோதெரபிஸ்ட். கீழே விழுந்த பேனாவை எடுப்பதற்குக்கூட ஒரு முறை இருக்கிறது என்று மூச்சு விடாமல் பேசக்கூடியவன். விருந்துக்குப் போன இடத்தில் யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டால், முதுகை வளைக்காமல் இழுங்கள் என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. எங்களை விருந்துக்கு அழைப்பவர்கள் குறைந்துபோனதற்கு இதுதான் காரணம் என்பது என் மனைவியின் கருத்து. நான் அதை ஒப்புக்கொண்டதில்லை.

என் மனைவி ஒரு ஹோட்டலில் அறைப் பராமரிப்புப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அந்த ஹோட்டலின் முகப்புக்கூடம் முழுக்கச் செடிகள். வெள்ளையும் கறுப்புமாகப் பளபளக்கும் பெரிய பீங்கான் தொட்டிகளில் நிற்கும். அந்தத் தொட்டிகளுக்கு அடியில் ஓட்டை கிடையாது. செடி உண்மையில் இருப்பது உள்ளே மறைந்திருக்கும் சாதாரண பிளாஸ்டிக் தொட்டியில். அதற்கு ஓட்டை உண்டு. வெளித்தொட்டி வெறும் அலங்காரச் சட்டை. தரையும் கம்பளமும் நனையக் கூடாது என்பதற்காக அதில் ஓட்டை வைப்பதில்லை.

என் கிளினிக்கைப் பெரிய இடத்துக்கு மாற்றியபோது அதுபோல ஒரு செடியை அவள் கொண்டுவந்து வைத்தாள். ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் செடி. முழங்கால் உயரத்தில் வெள்ளைப் பீங்கான் தொட்டி. தரையில் வைத்தால் எடுப்பாக இல்லையென்று, நோயாளிகள் ஏறி இறங்கிப் பயிற்சி செய்யும் மரப்படி ஒன்றின் மேல் நான் அதை ஏற்றிவைத்தேன். அவள் அன்றைக்கே சொன்னாள்: தண்ணீர் ஊற்றுவதென்றால் உள்தொட்டியை வெளியே எடுத்துக் குளியலறையில் வைத்து ஊற்ற வேண்டும், வடிந்து முடிந்த பிறகுதான் திரும்ப உள்ளே இறக்க வேண்டும், இல்லையென்றால் வடிகிற தண்ணீர் போக வழியில்லாமல் அடியில் தேங்கி வேர் அழுகும். கனமாக இருந்தால் இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

தூக்குவதைப் பற்றி எனக்கே பாடமா என்று சிரித்தேன். பிறகு, தினமும் தூக்கி எடுப்பது மெனக்கெட்ட வேலை என்பதால், இருந்த இடத்திலேயே ஊற்றினேன். செடி ஒன்றும் சொல்லவில்லை. தரையும் நனையவில்லை. எவ்வளவு நல்ல தொட்டி என்று எனக்குள் பாராட்டிக்கொண்டேன்.

சில வாரங்களில் கீழ் இலைகள் மஞ்சளாகின. தாகம் என்று நினைத்தேன். கூடுதலாக ஊற்றினேன். இலை உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். காத்திருக்கும் நோயாளிகளும் தங்கள் பங்குக்குக் காகிதக் கோப்பையில் மிச்சமான தண்ணீரை அதில்தான் கவிழ்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. பிறகு சின்னச் சின்னப் பூச்சிகள் மண்ணுக்கு மேலே பறக்க ஆரம்பித்தன. கடைசியாக ஒரு நாற்றம் வந்தது. அந்த நாற்றத்துக்கு நான் ஒரு நோயாளியின் காலுறையைச் சந்தேகப்பட்டு, அவருக்குப் பாத சுத்தம் பற்றிக் கொஞ்சம் உபதேசம் செய்தேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த நாட்களில் எனக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. பஸ் ஓட்டுகிற ஒருவர். எல்லோருக்கும் டிரைவர் அண்ணன். முதுகு பிடித்துக்கொண்டு, இருவர் தாங்கிக் கூட்டிவந்த நிலையில் என்னிடம் வந்தவர். முதல் நாளே அவருக்கு முதுகுத்தண்டைப் பற்றி விளக்க ஆசைப்பட்டு, ஒரு ஜாம் பன்னை எடுத்து ஒரு பக்கமாக நசுக்கி, மறுபக்கம் ஜாம் பிதுங்குவதைக் காட்டி, குனிந்து கனம் தூக்கினால் எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் இப்படித்தான் வெளியே வரும் என்று சொன்னேன். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் அது. முகம் வெளுத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். நன்றாகப் புரிந்துகொள்கிறார் என்று மகிழ்ந்தேன்.

மிக நன்றாகத்தான் புரிந்துகொண்டார். வலி போய்விட்டது. கால் பலம் திரும்பிவிட்டது. ஆனால் மனிதர் எதையும் தூக்க மாட்டேன் என்றார். வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தொடுவதில்லை. சின்ன மகள் கையை நீட்டிக்கொண்டு வந்தால், அப்பாவுக்கு முதுகு சரியில்லை என்று நகர்ந்துவிடுவாராம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். வேலைக்குத் திரும்பலாம், தூக்கலாம், தூக்கினால்தான் பலம் வரும் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். மணல் பை போட்ட பெட்டியை முன்னால் வைப்பேன். அதைப் பார்ப்பார். வியர்ப்பார். நாளைக்குப் பார்க்கலாம் டாக்டர் என்பார். ஒரு பன்னை நசுக்கியதற்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சம்பவம் நடந்தது ஒரு காலைப்பொழுதில். காத்திருப்புக் கூடத்தில் டிரைவர் அண்ணனும், கழுத்து வலிக்கு வரும் தையல்கார அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பு மேசையில் கவுண்ட்டர் அக்கா. கிளினிக்கை உண்மையில் நடத்துவது அவர்தான்; நான் வந்துபோகிறவன். நாற்றம் தாங்கவில்லை, செடியை எடுத்துப் பாருங்கள், உதவிக்கு நான் வருகிறேன் என்று எழுந்தார். வேண்டாம் அக்கா என்று கையமர்த்தினேன். டிரைவர் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். கனம் தூக்குவது எவ்வளவு எளிது என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது.

கவனியுங்கள் அண்ணா என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

முழங்காலை மடக்க வேண்டும். நான் மடக்கவில்லை, முன்னால் மரப்படி இடித்தது. பாரத்தை உடம்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். இலைகள் முகத்தில் அடித்ததால் கையை நீட்டித் தண்டின் அடியைப் பிடித்தேன். எவ்வளவு கனம் என்று முதலில் லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும், பார்க்கவில்லை. உள்தொட்டி பாதி தண்ணீருக்குள் நின்றது. தண்ணீர் இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு, உள்தொட்டியைக் கீழே உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் இழுத்தேன், வரவில்லை. இன்னும் இழுத்தேன். பீங்கான் தொட்டியும் சேர்ந்து மரப்படியின் ஓரத்துக்கு நகர்ந்தது. விடாமல் இடுப்பை ஒரு பக்கமாகத் திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் இழுப்பு. உள்தொட்டி சப்பென்ற சத்தத்தோடு பாதி மேலே வந்து சாய்வாகச் சிக்கிக்கொண்டது. அதே நேரத்தில் என் இடுப்பில் யாரோ கத்தியைச் செருகியது போலிருந்தது.

நான் விழவில்லை. மிகுந்த நிதானத்தோடு, மடிந்து மடிந்து, செடிக்கும் சுவருக்கும் நடுவில் மல்லாந்து படுத்தேன். கறுத்த தண்ணீர் கொஞ்சம் என் சட்டை மேல் சிந்தியது. நிமிர்ந்து பார்த்தால், ரப்பர் செடி என் மேல் சாய்ந்து நின்றது. அதன் தொட்டியின் கால்பங்கு மரப்படிக்கு வெளியே இருந்தது.

கவுண்ட்டர் அக்கா ஓடிவந்து தண்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் நகரப் பார்த்தேன். முதுகுத் தசை இறுகி, ஓர் அங்குலம்கூட விடவில்லை.

"சார், அசையாதீங்க. நான் விட்டா இது உங்க நெஞ்சு மேலதான் வரும்," என்றார்.

பிறகு, என்னைக் கேட்காமலேயே, ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் என் மனைவிக்குப் போன் செய்தார். வேண்டாம் அக்கா, அவளுக்கு வேலை இருக்கும் என்று தரையிலிருந்து மன்றாடினேன். போன் ஒலிபெருக்கியில் வைக்கப்பட்டு நாற்காலி மேல் அமர்ந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் என்னிடம் வரிசையாக விசாரித்தாள். கால் விரல் அசைகிறதா, மரத்துப்போயிருக்கிறதா, காலில் பலம் இருக்கிறதா. எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்ல. செடி எப்படி இருக்கு?"

எல்லோர் முன்னாலும் இதைத்தான் கேட்டாள். தையல்கார அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

தண்ணீரோடு சேர்த்து யாரும் அதைத் தூக்கவோ அமுக்கவோ கூடாது என்று அவள் சொன்னாள். அமுக்கினால் தொட்டி கவிழும், இழுத்தால் உள்தொட்டியின் விளிம்பு கிழியும், தண்டைப் பிடித்து இழுத்தால் செடி வேர் அறுந்து கையோடு வரும். முதலில் தரையைத் துடைக்க வேண்டும், யாரும் வழுக்கி விழக் கூடாது. பிறகு தொட்டி இருந்த இடத்தில் இருக்கும்போதே தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். உள்ளே ஓட்டையுள்ள நீளமான குழாய் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. கைப்பயிற்சிக்கு நோயாளிகள் இழுக்கும் ரப்பர் குழாய். தையல்கார அம்மா, கழுத்துப் பட்டையோடு எழுந்து வேலையில் இறங்கினார். தரையில் துண்டைப் போட்டுக் காலால் துடைத்தார். குழாய் சுருண்டுகொண்டே இருந்ததால், அதன் ஒரு முனையை மேசையிலிருந்த பிளாஸ்டிக் ஸ்கேலோடு சேர்த்துத் தன் பையிலிருந்த நூலால் கட்டினார். பாதங்களை வெந்நீரில் ஊறவைக்கும் தட்டையான தொட்டியைக் கொண்டுவந்து தரையில், மரப்படிக்குக் கீழே வைத்தார். ரப்பர் குழாய் முழுக்க நல்ல தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் அடைத்துக்கொண்டு வந்து, உள்தொட்டி சாய்ந்ததால் உண்டான இடைவெளியில் ஸ்கேல் கட்டிய முனையை அடிவரை இறக்கினார். மறுமுனையைக் கீழே இருந்த தட்டுத்தொட்டியில் விட்டு விரலை எடுத்தார்.

தண்ணீர் தானாக ஓட ஆரம்பித்தது. வாயால் உறிஞ்சாமல் இதெல்லாம் நடக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பழைய டிகாக்ஷன் நிறத்தில், நாற்றத்தோடு, நிற்காமல் வந்தது. என் தலைக்கு ஒரு முழ தூரத்தில். தட்டுத்தொட்டி நிரம்ப நிரம்ப, தையல்கார அம்மா குழாய் முனையை அடைத்துவிட்டுப் போய்க் கொட்டிவிட்டு வந்தார். ஒரு செடிக்கு இவ்வளவு ஊற்றியிருக்கிறேன் என்று மனைவி காதில் விழாமல் இருக்க, நான் அவ்வப்போது இருமினேன்.

ஓட்டம் நின்றதும் அடுத்த வேலை. உள்தொட்டியின் விளிம்பை இரண்டு பக்கமும் இருவர் பிடித்து நேராக மேலே எடுக்க வேண்டும். ஒரு பக்கம் கவுண்ட்டர் அக்கா. தையல்கார அம்மா கழுத்தை வைத்துக்கொண்டு தூக்க முடியாது. தண்டைச் சாயாமல் பிடிப்பதற்குத்தான் ஆவார். மறுபக்கம் யார் என்று கேட்காமலேயே எல்லோரும் டிரைவர் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் இவ்வளவு நேரமும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"டாக்டர், நான் தூக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது முதல் வாரம் அண்ணா. இப்ப உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"பன்னை நசுக்கிக் காட்டினீங்களே."

தரையில் மல்லாந்து கிடப்பவன் எந்த முகத்தோடு விளக்கம் சொல்வது? கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"அந்தப் பன்னை மறந்துடுங்க அண்ணா. முதுகு பன் இல்ல. நான் கொஞ்சம் ஓவரா காட்டிட்டேன். நானே இப்ப இப்படிக் கிடக்கிறேன், ஆனா ரெண்டு நாள்ல எழுந்துடுவேன். உடைஞ்சுபோகல. பிடிச்சுக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்."

எனக்கே அது புதிதாகத்தான் கேட்டது. புத்தகத்தில் படித்தது, தேர்வில் எழுதியது. ஒரு நோயாளியிடம் இவ்வளவு எளிமையாகச் சொன்னதில்லை.

அவர் என் பேச்சை நம்பினாரா என்று தெரியாது. போன் பக்கம் திரும்பி, இது எவ்வளவு கனம் இருக்கும் அம்மா என்று கேட்டார்.

"தேங்கின தண்ணி போயிடுச்சு, ஆனா மண்ணு ஊறித்தான் இருக்கும். ஒருத்தர் தூக்குற கனம் இல்லண்ணே. ரெண்டு பேர் தூக்கலாம். ஒருத்தர் தூக்கினா என்ன ஆகும்னுதான் பார்த்துட்டீங்களே."

டிரைவர் அண்ணன் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பிறகு, வண்டியை எடுக்குமுன் சுற்றிப் பார்க்கிற மாதிரி, செடியைச் சுற்றிப் பார்த்தார். தரையில் இறக்குவதென்றால் குனிய வேண்டிவரும், பக்கத்திலேயே உயரமாக ஏதாவது வேண்டும் என்றார். கிளினிக்கின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, மரப்படியை ஒட்டி நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றி, இருக்கையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார். தையல்கார அம்மா, சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜை எடுத்து இலைகளைத் தளர்வாகச் சேர்த்துக் கட்டினார். மனைவி சொன்னபடி ஸ்கேலைக் குழாயிலிருந்து பிரித்து இரண்டு தொட்டிக்கும் நடுவில் விட்டுச் சுற்றிலும் ஓட்டினார்கள். காற்று உள்ளே போனால் பிடி விடுமாம். லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியபோது உள்தொட்டி நிமிர்ந்து, தனியாக ஆடியது.

டிரைவர் அண்ணன் காலை அகட்டி நின்றார். முழங்காலை மடக்கினார். விளிம்பைப் பிடித்தார். உடனே தூக்கவில்லை, அப்படியே நின்றார். அவர் கழுத்தில் வியர்வை இறங்குவது கீழே இருந்து எனக்குத் தெரிந்தது. மணல் பைப் பெட்டிக்கு முன்னால் இதே இடத்தில்தான் அவர் எப்போதும் கையை எடுத்துவிடுவார். இப்போதும் எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், என் மேல் சாய்ந்திருந்த செடியைப் பார்த்தார்.

"அக்கா, சேர்ந்து," என்றார்.

வந்துவிட்டது. நேராக, சிந்தாமல், பீங்கான் விளிம்பைத் தாண்டி மேலே வந்து, ஓர் அடி நகர்ந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தது. அவ்வளவுதான். அவர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். கூட்டத்தில் பர்ஸ் இருக்கிறதா என்று பின்பக்கம் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். வலிக்காகக் காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து காத்திருந்தோம். வரவில்லை.

"ஒண்ணும் ஆகல," என்றார், தனக்குத்தானே.

பிறகு முகத்தைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். துண்டு தோளில்தான் இருந்தது. கையால்தான் துடைத்தார்.

கவுண்ட்டர் அக்கா சக்கர நாற்காலியின் பிரேக்கை எடுத்து, பேண்டேஜ் கட்டிய செடியைக் குளியலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே வந்துகொண்டிருந்த ஒரு புது நோயாளி பயபக்தியோடு வழிவிட்டார். என்னையும் யாராவது தூக்கலாம் என்று நினைவூட்டினேன்.

"நாற்காலி ஒண்ணுதான் சார் இருக்கு. அது இறங்கட்டும்."

டிரைவர் அண்ணன் என் பக்கத்தில் மண்டியிட்டார். முழங்காலை மடக்குங்கள், மொத்தமாகப் பக்கவாட்டில் உருளுங்கள், கையை ஊன்றி எழுங்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள். ஆனால் என்னைவிடப் பொறுமையாகச் சொன்னார். அன்று முழுக்க வந்த நோயாளிகளுக்கு நான் நாற்காலியைப் பிடித்து நின்றபடியே வைத்தியம் பார்த்தேன். யாரும் என்னிடம் சந்தேகம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் புண்படும் என்று நினைத்திருக்கலாம்.

சாயங்காலம் வேலை முடிந்து மனைவி வந்தாள். முதலில் குளியலறைக்குப் போனாள். உள்தொட்டியிலிருந்து செடியை மெல்ல உருவி வேரைக் காட்டினாள். பாதி வேர் பழுப்பாக, தொட்டால் கூழாகிறதாக இருந்தது. கொஞ்சம் வெளுத்து, உறுதியாகவும் இருந்தது. அழுகியதைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, தண்ணீர் நிற்காத புது மண்ணில் வைத்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பீங்கான் தொட்டியைக் கழுவிக்கொண்டே, ரொம்ப வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

கழுவிய தொட்டியின் அடியில் இரண்டு பழைய ஓடுகளை வைத்து, அதன் மேல் உள்தொட்டியை இறக்கினாள். தப்பித்தவறி நாலு சொட்டு வடிந்தாலும் வேர் அதில் நிற்காது. மரப்படி திரும்ப நோயாளிகளுக்கே போனது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்தால் மட்டுமே தண்ணீர் என்று கவுண்ட்டர் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் டிரைவர் அண்ணன் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ராத்திரி மகளைத் தூக்கினாராம். முன்பைவிடக் கனத்துவிட்டாள் என்று குற்றம் சொல்வதுபோலச் சொன்னார். தோளில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை போய்த் திரும்பினாராம். கீழே இறக்கினால் அழுகிறாளாம். மணல் பைப் பெட்டியை நான் கேட்காமலேயே எடுத்துக் கட்டிலில் வைத்தார். அடுத்த மாதம் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார்.

ரப்பர் செடிக்கு மேலே கொஞ்சம் இலைதான் மிஞ்சியது. கீழே வெறும் குச்சி. ஆனால் நிமிர்ந்து நிற்கிறது. அண்மையில் நுனியில் சிவப்பாக ஒரு சுருள் விட்டிருக்கிறது. காகிதக் கோப்பைக்குத் தனிக் குப்பைக்கூடை வந்துவிட்டது.

கிளினிக்கில் ஒரு புது வழக்கமும் வந்துவிட்டது. அதை நான் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தவர் கவுண்ட்டர் அக்கா. முதுகு தேறிய நோயாளிகள், சிகிச்சை முடிந்து போகுமுன், இன்னொருவரோடு சேர்ந்து செடியை வெளியே எடுத்து, குளியலறைக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி, வடியவிட்டு, திரும்ப வைக்க வேண்டும். மணல் பையைக் கண்டு நடுங்குகிறவர்கள்கூட இதற்குத் தயங்குவதில்லை. செடி பாவம் என்று சொல்லி எடுத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த எந்தப் பயிற்சியும் இவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை. பிசியோதெரபி நண்பர்கள் கேட்டால் என்னுடைய யோசனை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

என் முறை வரச் சில வாரங்கள் ஆயின. கவுண்ட்டர் அக்காதான் அனுமதி கொடுத்தார். இருவருமாகப் பிடித்தோம். முழங்காலை மடக்கினேன், உடம்போடு சேர்த்தேன், தண்டைத் தொடவில்லை. குளியலறையில் தண்ணீர் ஊற்றி, கம்பித்தட்டின் மேல் வைத்தோம். ஓட்டைகள் வழியே தண்ணீர் ஓடியது, பிறகு ஒழுகியது, பிறகு சொட்டியது. எனக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். போதும் அக்கா, எடுத்துவிடலாம் என்றேன்.

அவர் குனிந்து அடியில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் சொட்டுது சார். உட்காருங்க."

கவிழ்த்த வாளி ஒன்று இருந்தது. அதன் மேல் உட்கார்ந்தேன்.